கடியப்பட்டணத்துக்கு ஒரு இலை

சுபிதாவுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது என்று கருங்கல் சந்தைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. முழுப்பொய். ஒரே மனிதரை இரண்டு தடவை பார்க்கத்தான் அவளுக்கு ஆகாது. படிக்கிற காலத்தில் தோழி யாராவது சொன்ன கதையையே திரும்பச் சொன்னால், "இது சொல்லியாச்சு" என்று பாதியில் எழுந்து போய்விடுவாள். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை அபிலாஷின் குணநலன்களை அவனுடைய மாமா மூன்றாம் தடவையாக எடுத்துவிட்டபோது, காப்பித் தட்டோடு நின்ற பெண்ணே, "இது முதல்ல சொன்னதுதானே, புதுசா ஏதாவது உண்டுமா?" என்று கேட்டாள். மாமா தட்டிலிருந்து காப்பியை எடுத்துக்கொண்டார். அபிலாஷ் சிரித்துவிட்டான். அதனால்தான் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். கம்பெனிகளின் வாடிக்கையாளர் பட்டியல்களில் ஒரே ஆள் பல வரிகளில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, ஒன்றை விட்டு மற்றதை அழிக்கிற வேலை. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை அது. பிறகு அபிலாஷ் ஏ.சி. மெக்கானிக்காக சார்ஜாவுக்கு விமானம் ஏறினான். அவள் மாமியார் சொர்ணம்மாளோடு கருங்கலுக்குக் குடிவந்தாள். பகவதி பாத்திர மாளிகையில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாள். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஆடுகிற ஒரு மின்விசிறி.

அந்தக் கடையின் மேனேஜர் ஆனந்தகிருஷ்ணன். பூதப்பாண்டிக்காரர். மஸ்கட்டில் ஒரு பெரிய கடையில் பல வருஷம் இருந்துவிட்டு, நாலு டையும் 'கஸ்டமர் பேஸ்' என்ற ஒரு வார்த்தையும் கொண்டு ஊர் திரும்பியவர். நாலு டையையும் மாற்றி மாற்றிக் கட்டுவார். வார்த்தை ஒன்றுதான் என்பதால் அதையே தினமும் கட்டிக்கொள்வார். அண்டாவும் குண்டானும் தரையில் உருள்கிற கடையில் டை கட்டி நிற்கிற மனிதரைப் பார்த்தால் சிரிப்பு வரும். சுபிதா சிரிக்கமாட்டாள். உதட்டை மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வாள். சிரித்திருந்தால் ஆனந்தகிருஷ்ணன் பொறுத்துக்கொண்டிருப்பார், அந்த உதட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முதலாளி பகவதியப்பன் நல்ல மனிதர். சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி ஊர் ஊராக விற்றுக் கடை வைத்தவர். காலையில் நெற்றியில் நாமம் இட்டு, தலைப்பாகை கட்டி, அய்யாவழி முறைப்படி அய்யாவைக் கும்பிட்ட பிறகுதான் கடைக்கு வருவார். பொய் சொல்லமாட்டார். ஆனால் கேட்க இதமான பொய்யை வேறு யாராவது சொன்னால் உடனே நம்பிவிடுவார். பெரிய எண்களைக் கேட்டால் அவர் முகம் பூரித்துப்போகும்.

கடைக்குப் பத்தாவது வருஷம் வந்தது. வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து விருந்து போடவேண்டும், பருப்பு, அவியல், அடைப் பிரதமன் என்று ஒன்றும் குறையக் கூடாது என்று முதலாளி ஆசைப்பட்டார். சமையலுக்குப் பூதப்பாண்டியிலிருந்து தவசிப்பிள்ளை தாணு வந்தார். நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்திகளில் அவர் கை வைத்த அவியல் என்றால் தனி மரியாதை.

"வாடிக்கையாளர் எத்தன பேரு, ஆனந்தகிருஷ்ணன்?" என்று முதலாளி கேட்டார்.

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையின் அடியில் இருந்த எண்ணை வாசித்தார். "ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு, அண்ணாச்சி. நம்ம கஸ்டமர் பேஸ் அவ்வளவு ஸ்ட்ராங்."

முதலாளியின் முகத்தில் விளக்கு ஏற்றினாற்போல ஆகிவிட்டது. தாணுவுக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. "ஓய், அந்தப் பேஸெல்லாம் எனக்கு வேண்டாம். எல எத்தன விழும்? அதச் சொல்லும்" என்றார்.

"அதான் சொன்னேனே. ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு."

ஆனந்தகிருஷ்ணன் அதோடு நிற்கவில்லை. மறுநாளே அந்த எண்ணை ஆள் உயரத்தில் போட்டு ஒரு பிளக்ஸ் அடித்துக் கொண்டுவந்தார். '9,412 வாடிக்கையாளர்களின் பேராதரவுடன்' என்று இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் அவர் டையோடு நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்.

சுபிதா பிளக்ஸைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் போனது. நேரே முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, எனக்க மாமியாரத் தெரியுமா?"

"சொர்ணம்மாளத் தெரியாமலா? கட தொறந்த அன்னைக்கு மொத குத்துவிளக்கு வாங்கினவளாக்கும்."

"எத்தன சொர்ணம்மாள் உண்டு?"

"இது என்ன கேள்வி பிள்ளே? ஒண்ணுதான்."

"நம்ம கம்ப்யூட்டர்ல ஏழு."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒரு வரியில் சொர்ணம். அடுத்ததில் சொர்ணம்மாள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால். ஒன்றில் எழுத்து ஒன்று கூடுதல். இன்னொன்றில் ஊர்ப்பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழாவதில் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது. பார்க்கிற கண்ணுக்கு அது பழைய சொர்ணம்மாள்தான், கம்ப்யூட்டருக்கு வேறு பெண். கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது பழைய பெயரைத் தேடி எடுக்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது? புதிய வாடிக்கையாளர் என்ற பொத்தானை அழுத்திவிட்டால் பில் உடனே விழுந்துவிடும். பத்து வருஷமாக அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

"இது ஒன்பதாயிரம் ஆளு இல்ல மொதலாளி, ஒன்பதாயிரம் வரி. வந்த ஆளே திரும்பத் திரும்ப வந்திருக்கு. எனக்க மாமியாருக்கு ஏழு எல போட்டு விளம்புவியளா? அவியளுக்குச் சக்கர உண்டும், ஒரு எலையே கூடுதல்."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். தாணுவும் சிரித்தார். ஆனந்தகிருஷ்ணன் டையைச் சரிசெய்துகொண்டார். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் எண்ணுவாங்க. மஸ்கட்டில…" என்று தொடங்கினார்.

"மஸ்கட்டிலயும் எனக்க மாமியாரு ஏழா சார்?" என்றாள் சுபிதா.

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு காரியம் சொன்னார். திங்கள்சந்தையில் இரண்டாவது கடை திறக்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடையை யார் கையில் கொடுப்பது என்பதுதான் தெரியாமல் இருந்தது. "சரி பிள்ளே, நீ ஆளு கணக்கு எடு. பந்தி சரியா வந்துதுண்ணா திங்கள்சந்தைக் கட உனக்கு. நீதான் அங்க மேனேஜர்."

ஆனந்தகிருஷ்ணன் முகம் கறுத்தது. அந்த நாற்காலியை அவர் கனவில் பல தடவை துடைத்து வைத்திருந்தார். சுபிதாவோ அதில் அப்போதே உட்கார்ந்துவிட்டாள். குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து எழுந்து, மேனேஜருக்கான கண்ணாடி அறையில் உட்காரலாம். ஆடாத மின்விசிறி. அது போதும். இனிமேல் தன்னை யாரும் 'பில் போடுகிற பிள்ளை' என்று சொல்லமுடியாது.

வேலையில் இறங்கினாள். முதலில் பெயரை வைத்து, வேறு வேறான பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாள். ஆறாயிரத்து எண்ணூற்று எழுபது வந்தது. குப்பை என்று ஒதுக்கினாள். ஒதுக்கியது நியாயம்தான். எழுத்து மாறிப்போனதால் ஒரே பெண் நாலு பேராகத் தங்கியிருந்தாள். மறுபக்கம், கருங்கலில் தையல்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கமும் பாலூர்ப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கமும் ஒரே எழுத்தில் இருந்ததால் ஒட்டி ஒருவராகிவிட்டார்கள். கூடுதலும் தப்பு, குறைவும் தப்பு, இரண்டும் ஒரே எண்ணுக்குள்.

"பேருக்குப் பத்து வேஷம் உண்டு. நம்பருக்கு வேஷம் கிடையாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போன் நம்பரை வைத்து எண்ணினாள். ஒரு நம்பருக்கு ஒரு வரி. முதலில் வருகிற வரியை வைத்துக்கொண்டு, அதே நம்பர் உள்ள மற்ற வரிகளை எல்லாம் கம்ப்யூட்டர் தூக்கி எறிந்துவிடும். ஒரு தட்டு. ஒன்பதாயிரத்துச் சொச்சம் மூவாயிரத்து நூற்று ஆறாகச் சுருங்கியது. அவள் பெருமூச்சு விட்டாள். வீடு பெருக்கித் துடைத்து முடித்தாற்போன்ற நிம்மதி.

பில் போடுகிற ஷிஜின் பக்கத்தில் வந்து நின்றான். நாற்பதை நெருங்குகிற ஆள், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். கடை தொடங்கிய நாளிலிருந்து கவுண்டரில் இருக்கிறான். "சுபிதா, அந்த நம்பர் காரியத்தில ஒண்ணு சொல்லணும்…"

அவள் திரும்பக்கூட இல்லை. "நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்க மாமியார ஏழு பேரா ஆக்கினது நீதானே? அந்தப் புதிய வாடிக்கையாளர் பொத்தான் உன் விரலுக்குத் தேஞ்சு போச்சு. போயி பில்லப் போடு."

ஷிஜின் போய்விட்டான். என்ன சொல்ல வந்தான் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் மேலே ஏற ஆரம்பித்தவர்களுக்குக் கீழே நிற்கிறவர் பேச்சு கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். ஆனந்தகிருஷ்ணனுக்கு மஸ்கட்டில் வந்த வியாதி இவளுக்குக் கருங்கலிலேயே வந்துவிட்டது.

மூவாயிரத்து நூற்று ஆறு நம்பர்களுக்கும் அழைப்பு செய்தியாகப் போனது. மண்டப வாசலில் செய்தியைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். ஒரு செய்திக்கு ஒரு இலை. அனுப்பிய அன்று மேஜைமேல் இருந்த கடை போன் கிணுகிணுத்தது. ஆனந்தகிருஷ்ணன் எடுத்துப் பார்த்தார். "பாத்தியா, நமக்கே அழைப்பு வந்திருக்கு. பேரு மட்டும் மாறிப்போச்சு. அன்புள்ள சவேரியம்மாள் அவர்களுக்குண்ணு இருக்கு."

"சும்மா சோதனைக்கு வந்திருக்கும் சார். நீங்க அத வச்சு ஒரு எல சாப்பிட்டுக்கிடுங்க" என்றாள் சுபிதா. அந்தச் சவேரியம்மாள் யார், அவள் நம்பர் எப்படிக் கடை நம்பரானது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். மேனேஜரை மட்டம் தட்டுகிற சந்தோஷத்தில் அது நடக்கவில்லை.

பழைய பிளக்ஸைச் சுருட்டி கோடவுனில் போட்டார்கள். சந்தை முக்கில் புதிதாக ஒன்று கட்டினார்கள். எண் கிடையாது. 'எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் விருந்துக்கு வருக' என்று மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இலை விழுந்தது. தாணு விறகடுப்பின் முன்னால் இடுப்பில் துண்டைக் கட்டி நின்றார். முதல் பந்தி நிறைந்தது. இரண்டாம் பந்தியில் இடம் கிடந்தது. மூன்றாம் பந்தியில் ஆளைவிட இலை கூடுதல். அழைப்பு போன நம்பர்களில் பல, வளைகுடாவில் இருக்கும் ஆண்களின் பாக்கெட்டில் இருந்தன. இன்னும் பல செத்துப்போன நம்பர்கள். சார்ஜாவிலிருந்தும் தோஹாவிலிருந்தும் அவியலுக்காக யாரும் விமானம் ஏறி வரமாட்டார்கள். ஆனாலும் குறை என்று சொல்ல முடியாது. பரிமாறுகிறவர்கள் கேட்டுக் கேட்டு ஊற்றினார்கள். முதலாளி பந்திக்குப் பந்தி கும்பிட்டுக்கொண்டே நடந்தார். சுபிதா பட்டுச்சேலையில் நின்று இலைகளைப் பார்த்தாள். ஒரு ஆளுக்கு ஒரு இலை. இரண்டு தடவை யாரும் உட்காரவில்லை. அவளுக்குப் பரம திருப்தி.

அப்போது வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. கடியப்பட்டணத்து மீன்காரப் பெண்கள் இறங்கினார்கள். வாரம் முழுக்கக் கருங்கல் சந்தையில் மீன் விற்கிறவர்கள்; ஞாயிறு என்றால் கடலுக்குப் போக்கும் கிடையாது, சந்தையும் கிடையாது. காலைப் பூசை முடிந்து, நல்ல சேலை உடுத்து, தலையில் பூ வைத்து, சந்தை முக்கில் பார்த்த பிளக்ஸை நம்பி வந்திருந்தார்கள். இருபதுக்கு மேல் இருப்பார்கள். முன்னால் வந்தவள் கனத்த குரல்காரி.

வாசலில் லேப்டாப்போடு ஆனந்தகிருஷ்ணன் நின்றார். "மெசேஜ் இருக்கா?"

"மெசேஜா? எங்களுக்கு ஏது போனு? நாங்கோ எல்லாரும் இவியளுக்க கடையிலதான் மீனு சருவம் வாங்குகோம். எனக்க தலையில கெடந்து தேஞ்ச சருவமே எத்தன!"

அலுமினியச் சருவத்தில்தான் அவர்கள் மீன் சுமப்பார்கள். உப்பும் தண்ணீரும் பட்டுச் சீக்கிரம் ஓட்டை விழுந்துவிடும். அடிக்கடி வாங்குகிறவர்கள், பேரம் பேசினாலும் வேறு கடைக்குப் போகாதவர்கள்.

ஆனந்தகிருஷ்ணன் ஒவ்வொருத்தியாகப் பெயர் கேட்டுத் தட்டிப் பார்த்தார். இல்லை. இல்லை. அடுத்தவளும் இல்லை. கனத்த குரல்காரி, "சவேரியம்மாள்" என்றதும் ஒரு வரி வந்தது. அவருக்கும் அந்தப் பெயர் எங்கோ கேட்டதாக இருந்தது, ஆனால் அதற்குமேல் யோசிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. மாறாக உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார்: "சுபிதா மேடம் எடுத்த கணக்கு, தப்பே வராது. கடியப்பட்டணத்துப் பெண்ணுங்களுக்கு ஒரு எலதான் இருக்கு. ஒரு ஆளு உள்ள போலாம்."

சவேரியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "அப்போ நாங்கோ எல்லாரும் சேந்து ஒரு ஆளாக்கும்?"

சத்தம் கேட்டு சுபிதா வந்தாள். மேனேஜர் திமிர் பண்ணுகிறார் என்று நினைத்து லேப்டாப்பைப் பிடுங்கினாள். ஒரே ஒரு சவேரியம்மாள்தான் இருந்தாள். பக்கத்தில் நம்பர். தினமும் அவள் கண்ணில் படுகிற நம்பர், கடைப் பலகையில் எழுதி வைத்திருக்கிற நம்பர்.

"ஷிஜினே, இது நம்ம கட நம்பரல்லியா? இவியளுக்கு எப்படி வந்துது?"

ஷிஜின் தண்ணீர் குவளையோடு நின்றான். "நம்பர் போடாம கம்ப்யூட்டர் பில்லு தராது, சுபிதா. பத்து எண்ணும் விழணும். இவியளுக்குப் போனு கிடையாது. அதனால கட நம்பரப் போடுவோம். எத்தனையோ வருஷமா அப்படித்தான். அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

அவள் பழைய பட்டியலைத் திறந்து கடை நம்பரைத் தட்டினாள். அறுநூற்று நாற்பது வரிகள் வந்து விழுந்தன. எல்லாம் வேறு வேறு பெயர். சிலது ஒரே பெண் திரும்ப வந்ததாக இருக்கும், பெரும்பாலும் அப்படி இல்லை. கடியப்பட்டணம், குறும்பனை, இனயம் என்று கடற்கரை முழுக்க அதில் கிடந்தது. நம்பர் ஒன்று என்பதால் கம்ப்யூட்டர் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் எறிந்துவிட்டது. முதல் வரி சவேரியம்மாள். அழைப்பு எங்கே போனது என்றும் இப்போது விளங்கியது. மேனேஜர் மேஜையில் கிணுகிணுத்த போனுக்கு.

கம்ப்யூட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. வேறு வேறு நம்பர் எத்தனை என்று கேட்டாள், அது சரியாகச் சொன்னது. நம்பர் எத்தனையோ ஆள் அத்தனை என்று முடிவு கட்டியது அவள்தான்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. எல நெறைய கெடக்கு" என்று சவேரியம்மாளின் கையைப் பிடித்தாள். அவள் குரல் கெஞ்சிக் கேட்டவர்கள் கருங்கலில் யாரும் கிடையாது.

சவேரியம்மாள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "கெடக்குத எலையில திங்க நாங்கோ வரல்ல பிள்ளே. எங்க வீட்டுலயும் சோறு உண்டு. கூப்பிட்டதா நெனச்சு வந்தோம். தெரியாமப் போச்சு."

அவர்கள் வந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். முதலாளி அந்த நேரம் பின்கட்டில் தாணுவோடு பிரதமன் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

சுபிதாவுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடுதலாகத் தன்மேல் ஆத்திரம் வந்தது. அப்போதுதான் மாமியாரை இன்னும் காணோம் என்பது உறைத்தது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"எத்த, ஏன் இன்னும் வரல்ல?"

"எனக்கு மெசேஜ் வரல்லியே மக்களே. அபிலாஷுக்கு வந்துதாம். அங்க இருந்து கூப்பிட்டுச் சிரிக்கான். கூப்பிடாத எடத்துக்கு எப்படி வருகது? நான் கஞ்சி குடிச்சாச்சு."

கடையில் மாமியார் கொடுப்பது எப்போதும் மகனுடைய நம்பர். தன் போன் நம்பர்கூடத் தெரியாதவருக்கு மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதான். கடை திறந்த அன்று வாங்கிய குத்துவிளக்குக்கும் மகன் பெயரிலேயே பில் போட்டிருந்ததால், அபிலாஷின் வரி பட்டியலில் முதலில் இருந்தது. அது தங்கிவிட்டது. ஏழு சொர்ணம்மாளையும் காட்டி முதலாளியைச் சிரிக்கவைத்தாளே, அந்த ஏழும் போய் இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை.

சாயங்காலம் தாணுவிடம் ஒரு பெரிய தூக்குப்பாத்திரம் நிறையப் பிரதமன் வாங்கினாள். ஆட்டோ பிடித்துக் கடியப்பட்டணம் போனாள். சவேரியம்மாள் வீட்டு முற்றத்தில் பெண்கள் சிலர் உட்கார்ந்து வலைக்கயிறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் உடுத்த நல்ல சேலையை எல்லோரும் மாற்றியிருந்தார்கள்.

"எனக்க தப்பு. மன்னிக்கணும். பாயசம் கொண்டாந்திருக்கேன்" என்று சுபிதா தூக்கை நீட்டினாள்.

"ஆருக்கு?" என்றாள் சவேரியம்மாள்.

"எல்லாருக்கும்."

"எல்லாரும்ண்ணா ஆரு? பேரு சொல்லு."

சுபிதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சந்தையில் தினமும் பார்த்த முகங்கள். சிலரிடம் மீனும் வாங்கியிருக்கிறாள். ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை.

சவேரியம்மாள் எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்து வந்தாள். அதில் நிறையப் பிரதமனை ஊற்றிக்கொண்டாள். ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். டம்ளர் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. "ஒரு ஆளுதானே பிள்ளே. இது போதும். மிச்சத்த எடுத்துட்டுப் போ."

கனமான தூக்கோடு அவள் ஆட்டோவில் திரும்பினாள்.

மறுநாள் காலை முதலாளி சந்தோஷமாகக் கூப்பிட்டார். சோறு மிஞ்சியது, யாரும் பசித்துப் போகவில்லை, பந்தி ஜோர் என்று அவருக்குத் தகவல். வாசலில் நடந்ததை சுபிதா சொன்னாள். முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் அவர் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. "போட்டும். பாத்துச் செய்யலாம். திங்கள்சந்தைக் கடைக்குச் சரக்கு எடுக்கணும். நம்ம ஆளு மொத்தம் எத்தன? அத மட்டும் தெளிவா சொல்லு பிள்ளே."

மூவாயிரத்து நூற்று ஆறு என்று சொல்லியிருந்தால் நாற்காலி அவளுடையது. நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது மொதலாளி."

"என்னது?"

"நம்பர் எத்தனண்ணு தெரியும். வரி எத்தனண்ணு தெரியும். ஆளு எத்தனண்ணு தெரியாது. கட நம்பர் போட்டதயெல்லாம் நம்பரே இல்லாததா வச்சு, பேரும் ஊரும் தகப்பன் பேரும் சேத்துப் பாக்கணும். ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் இருக்கிறதயும் ஒவ்வொண்ணாப் பாக்கணும். ஷிஜின் கூட இருந்தா முடியும். நாளாகும்."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். ஆனந்தகிருஷ்ணன் திரையைப் பார்த்தார். "ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு, அண்ணாச்சி. எப்பவும் சொன்னதுதான். நான் மாத்தி மாத்திச் சொல்லல்ல."

தெரியாது என்கிறவளிடம் யார் கடையைக் கொடுப்பார்கள்? தெரியும் என்கிறவரிடம் கொடுத்தார். திங்கள்சந்தையில் இன்று கண்ணாடி அறை இருக்கிறது, ஆடாத மின்விசிறி இருக்கிறது, நாலு டைகளும் முறைவைத்து வந்துபோகின்றன. கோடவுனில் சுருட்டிக் கிடந்த பிளக்ஸுக்கும் வேலை வந்தது. வாசலில் அதே 9,412, பக்கத்தில் அதே கும்பிடு. அதில் சுபிதாவின் மாமியாருக்கு ஏழு இடம்.

சுபிதா குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால்தான் இருக்கிறாள். போன் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தை வெறுமையாக விடுகிற மாதிரி கம்ப்யூட்டரை மாற்றச் செய்தாள். ஷிஜினைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் போகிறாள். இன்னும் முடியவில்லை. அவள் வாய் மட்டும் குறையவில்லை, ஆனால் ஷிஜின் பேசும்போது இப்போது தலையைத் திருப்புகிறாள்.

கடியப்பட்டணத்துப் பெண்கள் நெடுநாள் அந்தப் பக்கம் வரவில்லை. வேறு கடையில் சருவம் வாங்கினார்கள் என்று கேள்வி. ஒருநாள் மழைநேரம் சவேரியம்மாள் மட்டும் ஓட்டைச் சருவத்தோடு வந்து கவுண்டரில் நின்றாள். ஷிஜின் எழுந்து விலகினான். சுபிதா வந்து உட்கார்ந்து பெயரை அவளே தட்டினாள். ஊரைத் தட்டினாள். பழைய வரி வந்தது.

"சவேரியம்மாள், கடியப்பட்டணம்" என்று வாசித்தாள்.

சவேரியம்மாள் சருவத்தைக் கவுண்டரில் வைத்தாள். "எத்தன ஆளுக்குச் சேத்து எழுதுக?"

"ஒரு ஆளு" என்றாள் சுபிதா.

"மத்தவளுவ?"

சுபிதா எழுந்து, தனக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள். "நீங்க பேரு சொல்லுங்க. நான் எழுதுகேன்."

சவேரியம்மாள் உடனே உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் மழைத்தண்ணியைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் உட்கார்ந்தாள்.

"நெறைய பேரு உண்டு பிள்ளே. ஒண்ணும் விட்டுராத."